‘என்ன நடந்திருக்கலாம்’ என்ற கட்டம்

இல்வா காபி அறைக்குள் நுழைந்தால் பேச்சு தணிந்துவிடும். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஏலக்காய் ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்திக்கூட வைப்பார்கள். ஆனால் அதுவரை சத்தமாகப் போய்க்கொண்டிருந்த கதை பாதியில் நின்று, எல்லாரும் ஆறு உறைந்துவிட்டதா என்று பேச ஆரம்பிப்பார்கள். மர அறுவை ஆலையில் பாதுகாப்புப் பதிவேட்டை வைத்திருப்பவளிடம் யார் கதை சொல்வார்கள்?

குன்வோர் மட்டும் சொல்வாள். முப்பது வருடமாகப் பலகைக் கட்டுகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவள். இல்வாவைவிட இரண்டு மடங்கு வயது. ஜன்னலோர மேசையில் இல்வா தனியாக உட்கார்ந்திருந்த முதல் வாரத்திலேயே எதிரில் வந்து உட்கார்ந்து, தன் நாயின் மூட்டு வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள். ஊரிலிருந்து வந்து வாடகை வீட்டில் தனியாக இருக்கும் இல்வாவுக்கு, ஒரு நாளில் வேலை தவிர வேறு பேச்சு என்று இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

பதிவேட்டை இல்வாவே வடிவமைத்திருந்தாள். தேதி, இடம், வண்டி அல்லது இயந்திரத்தின் எண், நடந்தது, காரணம், செய்ய வேண்டியது, யார் செய்வது, எப்போது முடிந்தது. கடுமைக்கு மட்டும் இரண்டு கட்டங்கள். ஒன்று, ‘என்ன நடந்தது’. இன்னொன்று, ‘என்ன நடந்திருக்கலாம்’. இரண்டிலும் பூஜ்யம் முதல் ஐந்து வரை குறி. பூஜ்யம் என்றால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஐந்து என்றால் உயிர். இரண்டில் எதில் நான்கோ ஐந்தோ விழுந்தாலும் அந்த இடத்தை மூடி, காரணத்தை ஆராய்ந்து, சரிசெய்த பிறகே திறக்க வேண்டும். மாதக் கடைசியில் எல்லாம் ஒரு பக்கச் சுருக்கமாகத் தானே திரண்டு வரும். சம்பவங்களை உழைத்த மணிக்கணக்கால் வகுத்த விகிதம், முந்தைய மாதங்களோடு ஒப்பிடும் கோடு, கீழே கடுமையானவற்றின் பட்டியல்.

அந்தக் கோடு இலையுதிர் காலம் முழுக்க இறங்கிக்கொண்டே வந்தது. ஆலை மேலாளர் லெனார்ட் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இல்வாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. நூலிழையில் தப்பியதாகப் பதிவானவை குறைந்திருந்தன. ஆனால் முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணி பழைய வேகத்திலேயே தீர்ந்துகொண்டிருந்தது. ஆபத்து குறையவில்லை, சொல்வதுதான் குறைந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் வரவில்லை. ஒருவேளை தான்தான் தப்பாகப் பார்க்கிறோமோ?

நவம்பரில் ஒருநாள் குன்வோர் காபியைக் கலக்கிக்கொண்டே சிரித்தபடி சொன்னாள். உலர்த்தும் சூளையின் மூலையில் திரும்பும்போது கட்டியிருந்த பட்டை அறுந்து ஒரு கட்டுப் பலகை வண்டியிலிருந்து சரிந்து நடைபாதையில் விழுந்ததாம். அங்கே விளக்கு எரியாமல் வாரக்கணக்காகிறதாம். சூளைக்காரன் ரோலண்ட் அதற்குச் சற்று முன்புதான் மூக்கைச் சிந்திக்கொண்டே அந்த வழியாகப் போயிருந்தானாம்.

“அவன் மூக்கு ஒழுகுனதாலதான் வேகமாப் போயிருக்கான். ஜலதோஷம் காப்பாத்துச்சு,” என்றாள். பிறகு குரலைத் தணித்து, “இத நீ எழுதிடாத, கண்ணு. உங்கிட்டங்கறதால சொன்னேன்.”

இல்வா தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அன்று சாயங்காலம் போய் அந்த மூலையைப் பார்த்தாள். அந்த வடக்கு நாட்டுக் குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிட்ட முற்றத்தில் நடைபாதையின் வெள்ளைக் கோடு பனிக்கடியில் தெரியவே இல்லை. பலகைக் கட்டைத் தூக்கிப் பார்க்கத் தேவையில்லை, எடை அதில் தொங்கிய அட்டையிலேயே இருந்தது. அறைக்குத் திரும்பி முதல் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். இரண்டாவது கட்டத்தில் ஐந்து. குன்வோரின் பெயரை எங்கேயும் எழுதவில்லை. எழுதவில்லை என்பதை இரண்டு முறை சரிபார்த்தாள்.

லெனார்ட் கூப்பிட்டு அனுப்பினார். தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிற நேரம் அது.

“ஒருத்தருக்கும் கீறல்கூட விழல. ரெண்டு போட்டா என்னம்மா?”

“நடந்தத முதல் கட்டத்துல போட்டிருக்கேன், பூஜ்யம்னு. ரெண்டாவது, ரோலண்ட் அங்க நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்ங்கறது.”

அவர் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, மூடிவிடு என்றார். நடைபாதை மூடப்பட்டது. எல்லாரும் ஆலையைச் சுற்றிப் பனியில் நடந்து வரவேண்டியிருந்தது. விளக்கு மாற்றினார்கள். பழைய பட்டைகளைத் தூக்கிப் போட்டார்கள். பாதைக்கும் வண்டிக்கும் நடுவே இரும்புத் தடுப்பு வைத்தார்கள்.

மாதக் கடைசியில் சுருக்கத்தை அச்செடுத்து, வழக்கம்போலக் காபி அறைப் பலகையில் குத்திவிட்டு வந்தாள் இல்வா. மறுநாள் அறைக்குள் நுழைந்தபோது பேச்சு தணியவில்லை. ரோலண்ட் பலகையைத் தட்டிக்கொண்டே, தன்னைக் கொல்லப் பார்த்த ஏழாம் நம்பர் வண்டிக்குப் பூச்செண்டு வாங்கவேண்டும் என்றும், தன் மனைவி பங்குக்கும் சேர்த்து வாங்கவேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

இல்வா பலகைக்கு அருகே போய்ப் பார்த்தாள். கடுமையானவற்றின் பட்டியல் பதிவேட்டிலிருந்து வண்டி எண்ணையும் சேர்த்தே இழுத்து வந்திருந்தது. ஏழாம் வண்டியைக் குன்வோரைத் தவிர யாரும் தொடுவதில்லை என்பது ஆலையில் பூனைக்குக்கூடத் தெரியும். பெயரை மறைப்பதிலேயே குறியாக இருந்தவள் எண்ணை யோசிக்கவே இல்லை.

குன்வோர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பலகையில் எண்ணைப் பார்த்ததுமே, விசாரணை முடியும்வரை என்று மேற்பார்வையாளர் அவளை வண்டியிலிருந்து இறக்கிப் பலகை தரம்பிரிக்கும் வரிசையில் நிறுத்தியிருந்தார். இல்வாவைக் கடந்து போகும்போது நின்றாள்.

“எழுதாதன்னு சொன்னேன். எழுதுன. அதுகூடப் பரவால்ல, உன் வேலை. ஆனா சுவத்துல ஒட்டணுமா?”

மறுநாள் அவள் ஜன்னலோர மேசைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

டிசம்பர் சுருக்கத்தில் கோடு ஏறக்குறைய தரையைத் தொட்டது. லெனார்ட் கேக் வாங்கிவரச் சொல்லலாமா என்று கேட்டார். இந்த முறை இல்வா சொல்லிவிட்டாள், கட்டுத்துணிக் கணக்கையும் பக்கத்தில் வைத்தே. இது பாதுகாப்பு இல்லை, பயம் என்றாள். கேக் வரவில்லை.

புத்தாண்டு விடுமுறையில் ஊருக்குப் போகாமல் படிவத்தைத் திருத்தினாள். வண்டி எண் பதிவேட்டில் மட்டும் இருக்கும். அதைப் பார்ப்பது அவளும் தொழிலாளர் பிரதிநிதியும்தான். சுவரில் ஒட்டும் பக்கத்துக்கு இடமும் காரணத்தின் வகையும் மட்டும் போகும். போலியாகப் பத்து வரிகளை நிரப்பி, எந்த வழியிலாவது ஆளை அடையாளம் காண முடிகிறதா என்று பார்த்தாள். ஒரே ஆள் வேலை செய்கிற இடங்கள் இரண்டு இருந்தன. அவற்றைப் பக்கத்துப் பகுதியோடு சேர்த்தாள்.

விடுமுறை முடிந்த முதல் காபி நேரத்தில் எழுந்து நின்று பேசினாள். பட்டை அறுந்தது ஓட்டியவர் தப்பில்லை, விளக்கு எரியாததும் அவர் தப்பில்லை, எண்ணைச் சுவரில் ஒட்டியது தன் தப்பு. யாரோ பால் கேட்டார்கள். குன்வோர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு வண்டி முன்பே திரும்பக் கிடைத்திருந்தது.

பிப்ரவரியில் ஒரு பிற்பகல், தலைக்கவசத்தோடு குன்வோர் அலுவலக வாசலில் வந்து நின்றாள். இல்வா எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். அவள் உட்காரவில்லை.

“ரெண்டாம் கிடங்கு வாசல். கூரையிலருந்து பனிக்கட்டி விழுந்துச்சு. ஆள் இல்ல. பெரிய கட்டி.”

“எப்போ?”

“இப்பதான். நானே கூம்பு வெச்சு மறிச்சிட்டேன்.”

இல்வா எழுதிக்கொண்டாள். இரண்டாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. “எவ்வளவு போடலாம்?”

“அஞ்சு,” என்றாள் குன்வோர். “தலையில விழுந்திருந்தா கவசமெல்லாம் தாங்காது.”

நாய் எப்படி இருக்கிறது என்று கேட்க இல்வா வாயெடுத்தாள். அதற்குள் குன்வோர் கையுறையை மாட்டிக்கொண்டு, கூரைக்கு ஆள் அனுப்பச் சீக்கிரம் சொல்லிவிடு என்று படியிறங்கிவிட்டாள். இல்வா தொலைபேசியை எடுத்துப் பராமரிப்புப் பிரிவைக் கூப்பிட்டாள். அவர்கள் எடுக்கும்வரை, முற்றத்தில் மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு ஏழாம் வண்டி விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.