மூன்று நாளுக்கு முந்தையவர்கள்

அக்காவின் வார்டில் மூன்று வாரமாகக் காய்ச்சல்காரர் ஒருவர்கூட இல்லை என்று என் திரை சொன்னது. அக்காவோ, கட்டில் போதாமல் தரையில் படுக்க வைத்திருக்கிறேன் என்று போனில் சொன்னாள். இரண்டில் ஒன்று பொய். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் நான் உடைத்ததற்கெல்லாம் கேட்காமலே என்னைக் காட்டிக்கொடுத்தவள் அவள்.

அவள் ஆற்றுக்கு அக்கரையில், தற்காலிகக் காய்ச்சல் வார்டில் நர்ஸ். நான் இக்கரையில், சுகாதாரத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில், ஏசி அறையில் சுகமாக உட்கார்ந்திருக்கும் தம்பி. எங்கள் வரைபடம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. நோய் அடங்கிவிட்டதென்று நம்பி, அவள் வார்டை மூடிக் கட்டில்களை நகரத்துக்கு மாற்ற உத்தரவு தயாராகிவிட்டது. மறுநாள் காலைக் கூட்டத்தில் கையெழுத்து.

அன்று மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் தோண்டினேன். தினமும் காலையில் எங்கள் கணினி நிரல் கடைசி மூன்று நாள் எண்ணிக்கையை அழித்துவிட்டு, ஆய்வகங்கள் அனுப்பியதிலிருந்து மறுபடி எடுத்து நிரப்பும். அதற்கு முந்தைய நாட்களைத் திரும்பியே பார்க்காது. நாள் என்பது ரத்தம் எடுத்த தேதி. அக்கரை ரத்தம் படகேறி, வண்டியேறி, வெளியூர் ஆய்வகத்தில் நீண்டுகொண்டே போகும் வரிசையில் நின்று, முடிவோடு எங்களிடம் வந்து சேர இப்போது ஒன்பது பத்து நாள் ஆகிறது. வந்து சேரும்போது அதன் தேதி பழையதாகிவிடும், நிரல் கண்டுகொள்ளாது. அக்காவின் நோயாளிகள் ஒருவர் விடாமல் இப்படித்தான் காணாமல் போயிருந்தார்கள். நகரத்து ஆய்வகங்களும் சளைத்தவை அல்ல. முதலில் 'இல்லை' என்று அனுப்பி, மறுசோதனைக்குப் பிறகு 'உண்டு' என்று திருத்துகின்றன. அந்தத் திருத்தமும் வாசலிலேயே நின்றது.

இயக்குநர் அம்மாவின் அறைக்கு ஓடினேன்.

அவர் கெட்டவர் இல்லை, சூடுபட்டவர். போன வருடம் வெளியிட்ட எண் ஒரு வாரம் கழித்து மாறியதற்குப் பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. அதிலிருந்துதான் மூன்று நாளுக்கு மேல் பழைய எண்ணைத் தொடக்கூடாது என்ற விதி. வெளியே போன எண் மாறினால் நம்மை யார் நம்புவார்கள் என்று கேட்டார். மாறாத எண் பொய்யாக இருந்தால் நம்பி என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. அவர் என்னை வெளியே அனுப்பவில்லை.

"சரி, எத்தனை நாள் திரும்பிப் பாக்கணும்? குத்துமதிப்பா சொல்லாத."

கணக்கெடுத்திருந்தேன். ரத்தம் எடுத்த தேதிக்கும், பதிவு வந்த அல்லது கடைசியாகத் திருத்தப்பட்ட தேதிக்கும் உள்ள இடைவெளி. நூற்றுக்கு ஐம்பதுதான் மூன்று நாளுக்குள் அடங்கியது; தொண்ணூற்றொன்பது அடங்க மூன்று வாரம் தேவை. தினமும் மூன்று வாரத்தை மறுபடி எடுப்போம், வாரம் ஒருமுறை நோய் தொடங்கிய நாளிலிருந்தே எடுப்போம், தப்பும் ஒன்றிரண்டும் அதில் சிக்கிவிடும் என்றேன். பத்து நிமிட வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும், அதனால் முன்கூட்டியே ஓட்ட வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. நாளைக்கே ஓட்டிக் காட்டு என்றார்.

மறுநாள் கூட்டத்துக்கு ஆட்கள் வந்து நாற்காலியை இழுக்கும்போதும் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு படம் வந்தது. சரிவு இல்லை. போன வாரத்துக்கு முந்தைய வாரத்தில், பூஜ்யமாக இருந்த அக்கரை எண்ணிக்கையைக் காட்டும் கம்பங்கள் எல்லாவற்றையும்விட உயரமாக எழுந்து நின்றன. கடைசிப் பத்து நாட்களை மட்டும் சாம்பல் நிறத்தில் விட்டிருந்தேன். அவை இன்னும் நிறையாதவை, அவற்றைப் பார்த்து இறங்குகிறது என்று யாரும் சொல்லக்கூடாது. இயக்குநர் அம்மா உத்தரவைக் கையெழுத்திடாமல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்.

ஜெயித்துவிட்டேன் என்று வராந்தாவுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன். அவள் உடனே எடுத்தாள். உத்தரவு எப்படியும் வரும் என்று யாரோ ஒரு சுறுசுறுப்பான அதிகாரி, விடிந்ததும் லாரி அனுப்பிப் பாதிக் கட்டில்களையும் டிரிப் ஸ்டாண்டுகளையும் ஏற்றிப்போய்விட்டாராம். இரண்டு நர்ஸ்களும் அதே வண்டியில். திருப்பி அனுப்பச் சொல்கிறேன், இப்போதே சொல்கிறேன் என்று உளறினேன். அவள் பின்னால் யாரோ முனகும் சத்தம் கேட்டது.

"காலையிலிருந்து ரெண்டு உசிரு போயிருச்சுடா," என்றாள். "இன்னைக்கு வந்தவங்க உன் படத்துல எப்ப தெரிவாங்க?"

பொய் சொல்ல எனக்கு வரும். ஆனால் அவளிடம் முடியவில்லை.

"ஒன்பது பத்து நாள் ஆகும்க்கா."

"அதுவரைக்கும் இவங்கள நான் எங்கடா படுக்க வைக்கிறது?"