எடித்தின் தயிர் பொங்கின காலை

மடுமாதா சாட்சியாகச் சொல்லப்படும் இந்தக் கதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சந்தேகப்படுகிறவர்கள் பேசாலைக்குப் போய் விசாரிக்கலாம். பொய் சொல்லும் பழக்கம் அந்த ஊரில் ஒருவருக்கும் கிடையாது.

உயிர்த்த ஞாயிறு விடியும்போது லோறன்சின் குசினியில் தயிர்ச்சட்டி பேசத் தொடங்கியது. மூடியிருந்த பீங்கான் தட்டு பூசைமணி மாதிரிக் கிணுகிணுத்தது. அடுப்படியில் படுத்திருந்த பூனை எழும்பிப் போய்க் கிணற்றுக்கட்டில் குந்தியது. பெந்தகோஸ்து திருநாள்வரை, முழுசாய் ஐம்பது நாள், அது வீட்டுக்குள் வரவில்லை.

லோறன்சின் மனைவி எடித் தட்டைத் தூக்கினாள். மேலே மஞ்சள் தண்ணீர் நின்றது. கீழே தயிர் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாய்க் கிழிந்து, ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். வேப்பங்கொட்டை.

எடித்தின் தயிரைக் கத்தியால்தான் வெட்டலாம் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை ஊருக்குள் விட்டதும் எடித்தேதான். மகள் அன்ரோனெற்றைப் பெண் கேட்டு அன்று மத்தியானம் அரிப்பு என்ற ஊரிலிருந்து சிங்கராசா குடும்பம் சாப்பாட்டுக்கு வருகிறது. "அரிப்பில தயிரெண்டு நீங்கள் தின்னுறது சுவருக்குப் பூசிற சுண்ணாம்பு. எங்கட வீட்டை வந்து பாருங்கோ" என்று சிங்கராசாவின் பெண்சாதியிடம் போனிலேயே சொல்லி முடித்திருந்தாள்.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த லோறன்ஸ் ஓரடி பின்வாங்கினார். தயிர் ஏன் அப்படியானது என்பது உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

லோறன்ஸ் கோயில் பங்கின் மதுவொழிப்புச் சங்கத் தலைவர். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தபசு காலம் முழுக்க, கள்ளு குடிக்கிறவன் எந்த நரகத்தில் எந்தத் தட்டில் வேகுவான் என்று வீடு வீடாய்ப் போய் விளக்கினவர். விளக்கி விளக்கித் தொண்டை வறண்டு, பின்னேரங்களில் கள்ளிறக்கும் ஏரம்புவிடம் பனங்கள்ளு வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் தயிர்ச்சட்டியில் ஊற்றிக் குடித்தார். போத்தலைக் கண்டால் எடித் பிடித்துவிடுவாள். தயிர்ச்சட்டியை யார் சந்தேகிப்பார்கள்? குடித்து முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரில் ஒரு அலம்பு அலம்பி இருந்த இடத்தில் கவிழ்த்துவிடுவார். மண்சட்டி குடிகாரனிலும் மோசம், குடித்ததை லேசில் விடாது என்பதை அவர் யோசிக்கவில்லை.

எடித் தயிரைப் படம் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டாள். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் வைத்தியம் வந்தது.

கனடாவிலிருக்கிற தங்கை றோசம்மா: "தண்ணியை வடிச்சுப்போட்டு வை. இஞ்ச கடையில இதைத்தான் பெரிய விலைக்கு விக்கிறாங்கள்."

பிரான்சிலிருக்கிற தம்பி பெனடிக்ற்: "கொதிக்க வைச்சால் எந்தக் கிருமியும் சாகும். மோர்க்குழம்பு வை."

நோர்வேயிலிருந்து ஒருத்தி: "கண்ணூறு."

அந்த மூன்று பேரும் தயிர் உறைவதை நேரில் பார்த்தே பல வருஷமிருக்கும். இருந்தாலும் வாய்க்கென்ன, வெளிநாட்டு வாய்.

அந்த நேரம் பக்கத்துத் தாராபுரத்துப் பால்காரன் ஜுனைதீன் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். எடித் சட்டியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்ன பாலடா தந்தனீ? தண்ணி கலந்ததோ, தலைமன்னார்க் கடலைக் கலந்ததோ?"

"அக்கா, தண்ணி கலந்தால் தயிர் இளகும். இப்பிடிக் கொதிக்காது. நேற்று இதே கேன் பால்தான் எங்கட வீட்டையும் உறை ஊத்தினது. என்ர மனுசி ஸுஹறா சட்டியைக் கவிட்டும் தயிர் விழேல்லை, அவ்வளவு இறுக்கம்."

"பொய் சொல்லாதை. நான் காய்ச்சி, ஆத்தி, விரல் பொறுக்கிற சூட்டிலதான் உறை ஊத்தினனான். பூசைக்குப் போய்க் கோயில் முற்றத்தில வைச்சே சொல்லுறன், ஒருத்தரும் உன்னட்டைப் பால் வாங்கவேண்டாமெண்டு."

ஜுனைதீன் லோறன்சைப் பார்த்தான். "அண்ணன், நீங்களாவது ஒரு நியாயம் சொல்லுங்கோ."

லோறன்ஸ் தொண்டையைச் செருமினார். "சூடு கூடின நாள் பார்" என்றார். ஒரு சங்கத் தலைவர் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

"சுகாதாரப் பரிசோதகர் பாயிஸுக்குப் படத்தை அனுப்புங்கோ" என்றான் ஜுனைதீன். "அவர் சொல்லட்டும்."

கைக்குது என்றும் எழுதி எடித் அனுப்பினாள், ஜுனைதீனுக்கு விலங்கு மாட்டுவார்கள் என்ற ஆசையில். பாயிஸின் குரல் உடனே வந்தது.

"அக்கா, படத்தில மணமும் வராது, ருசியும் வராது. வெறும் தண்ணி மட்டும் மேல நிண்டால் பயமில்லை. சூடு கூடினாலும், கூட நேரம் வைச்சாலும், சட்டியை ஆட்டினாலும் தண்ணி பிரியும். ஆனால் உங்கட தயிருக்குள்ள காத்தோட்டை தெரியுது. கைக்குது எண்டும் சொல்லுறீங்கள். அப்ப வேற ஏதோ வளந்திட்டுது. என்ன வளந்ததெண்டு கண்ணால சொல்லேலாது, அதால ஒருத்தரும் தின்னவேண்டாம், கொட்டுங்கோ. கொதிக்க வைச்சும் பிரயோசனமில்லை, சில கிருமி விட்ட நஞ்சு கொதிச்சாலும் போகாது. அதில உறையும் எடுத்து வைக்காதேங்கோ. பால் நல்லாக் கொதிச்சதெண்டால் உறையைப் பாருங்கோ, சட்டியைப் பாருங்கோ. அந்தச் சட்டியில முந்தி என்ன வைச்சனீங்கள்?"

"தயிர்தான், வேற என்ன?" என்று போனைப் பார்த்துச் சீறினாள் எடித். "படிச்ச பெடியன் எண்டால் இப்பிடியே, சட்டியில பிழையாம்!"

லோறன்ஸ் சுவரில் தொங்கிய திருக்குடும்பப் படத்தை ஆராய்ந்துகொண்டு நின்றார்.

எடித் கொட்டவில்லை. றோசம்மா சொன்னபடி தண்ணீரை வடித்து, சீனி போட்டு அடித்து, கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, மேலே முந்திரிகை வற்றலும் தூவினாள். பாவத்துக்கு உடுப்புப் போட்டது மாதிரி அது அழகாய்த்தான் இருந்தது.

மத்தியானம் சிங்கராசா குடும்பம் வந்தது. சோறு, விளைமீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல் எல்லாம் முடிய, எடித் தயிர்க் கோப்பையைத் தூக்கி வந்தாள். சிங்கராசாவின் பெண்சாதி மூக்கைச் சுருக்கிக்கொண்டே முதல் கரண்டியை எடுத்தாள்.

லோறன்சுக்கு இரண்டு வழி தெரிந்தது. பேசாமலிருந்தால் தலைவர் பதவி மிஞ்சும், ஜுனைதீன் கள்ளனாவான், சம்பந்தி குடும்பம் ராத்திரி முழுக்கக் கக்கூஸ் வாசலில் வரிசையில் நிற்கும், அதோடு கலியாணமும் குழம்பும். வாயைத் திறந்தால் தன் கதை முடியும். கரண்டி உதட்டுக்குப் போனது.

"வையுங்கோ அதை!" என்று கத்தினார். "அதுக்குள்ள கள்ளு!"

எடித் கோப்பையைப் பார்த்தாள், சட்டியை நினைத்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"தபசு காலத்திலயோ?"

"பெரிய வெள்ளியண்டைக்குக் குடிக்கேல்லை" என்றார் லோறன்ஸ், அது ஒரு புண்ணியம் மாதிரி.

"ஏரம்பு அண்டைக்கு மரமேறேல்லை. அதுதான் காரணம்" என்றாள் எடித். "சங்கத் தலைவராம்! ஊருக்குப் பூட்டுக் குடுத்துப்போட்டுத் தன்ர வீட்டுக் கூரையைப் பிரிச்சு இறங்கின கள்ளன். அந்தப் பால்காரனை நான் என்ன பேச்சுப் பேசினனான்!"

சிங்கராசா மட்டும் கதிரையை லோறன்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பனையோ, தென்னையோ?"

"பனை."

"ஆரின்ர மரம்?"

எடித் கோப்பையோடு கோடிக்குப் போய், குழி தோண்டித் தயிரைப் புதைத்தாள். சட்டியை மதிலில் அடித்து உடைத்தாள். தாராபுரத்துக்குப் போன் எடுத்து ஜுனைதீனிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்ரோனெற்றின் கலியாணம் ஆவணியில் நல்லபடி நடந்தது. சம்பந்திமார் இருவரும் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததைக் கண்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

பேசாலையில் விசாரித்தால் ஒன்றை மட்டும் வேறு மாதிரிச் சொல்வார்கள்: லோறன்சுக்கும் எடித்துக்கும் பிள்ளைகளே கிடையாதாம்.