மலாயில் புவான், தமிழில் வெறும் தெய்வானை

எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் குறிப்பை அலுவலகக் குமாஸ்தா சுலைமான் மலாயில் எழுதுவார். அதைத் தமிழில் சுருக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது சங்கச் செயலாளரான என் வேலை. இம்முறை ஒட்டி முடித்த கையோடு, பள்ளியைச் சுத்தம் செய்யும் தெய்வானை துடைப்பத்தோடு வந்து நின்றார். அவர் மகளும் எங்கள் மாணவிதான். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று கூட்டத்தில் பேசியவர் அவர் ஒருவர்தான்.

"சார், மலாய்ல என்னை மரியாதையா புவான் தெய்வானைன்னு போட்டிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் 'தெய்வானை சொன்னாள்'னு எழுதியிருக்கீங்க?"

அதற்கு மேல் வரியிலேயே 'தலைமையாசிரியர் அவர்கள் வலியுறுத்தினார்கள்' என்றிருந்தது.

"அது... உரிமையா எழுதிட்டேன்க்கா."

"ஏன் சார், ஹெட்மாஸ்டர்கிட்ட உங்களுக்கு உரிமை இல்லையா?"

தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். 'திருமதி தெய்வானை' என்று தொடங்கியவன் அப்படியே நின்றேன். பதினோரு வருடப் பழக்கத்தில் அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரியாது. சுலைமானின் குறிப்பில் இருந்த வருகைப் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதினேன்.