பச்சை பூத்த எருக்குவியல்

"இந்த உலகத்துல எந்த மூலையில பூஞ்சை முளைச்சாலும், அதுக்கு முதல்ல தெரியிற பேரு என் பேருதான்" என்றார் அத்தான்.

சிரிக்காமல் சொன்னார். சொல்லும்போது அவர் நின்றிருந்த இடம் எங்கள் நாற்றங்கால். அவருக்குப் பின்னால் எட்டுப் பாத்தி தக்காளி நாற்று, கழுத்து ஒடிந்து, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. இரண்டு வாரப் பயிர். இந்தப் பருவத்தில் இப்படிப் படுப்பது இரண்டாவது முறை. பூஞ்சைகளுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது உண்மைதான் போலும், அஞ்சியதாகத்தான் தெரியவில்லை.

நாற்றங்கால் அக்காவுடையது. விதைப்பதும் வளர்ப்பதும் அவள், மருந்தடிப்பது அவள் கணவரான அத்தான், வளர்ந்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ப்பது தம்பியான நான். அத்தான் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு நடந்தால் பட்டாளம் கிளம்பிய மாதிரி இருக்கும். அதனால் அவரை எல்லோரும் 'ஜெனரல்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலாக ஆரம்பித்த பெயர். அவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

அன்று மாலை விவசாயிகள் சங்கத் தலைவர் வந்தார். குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கினார். வேரின் மேல்தோல் காலுறை மாதிரி அவர் விரலோடு கழன்று வந்தது. உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் மிச்சம்.

"வேரழுகல்மா. இருபதாயிரம் நாத்துக்கு உன்னையத்தான் நம்பியிருக்கோம். இன்னும் ஒரு தடவை பாரு. அதுவும் சாஞ்சா எங்களைத் தப்பா நினைக்காத, வேற இடத்துல வாங்கிக்குவோம். அடுத்த வருஷத்துக்கும் அங்கதான்."

அக்கா தலையாட்டினாள். சங்கம் போய்விட்டால் நாற்றங்காலை மூட வேண்டியதுதான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். 

மறுநாள் அவள் ஒரு பிடுங்கிய நாற்றை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வேளாண் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். வண்டி ஓட்டிய தகுதியில் நானும் உள்ளே போனேன். ஆய்வுக்கூடத்து அம்மா ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். தட்டின் ஒரு ஓரத்தில் அழுகல் கிருமி, எதிர் ஓரத்தில் டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சை. இரண்டையும் ஒரே நாளில் வைத்தாராம். ஐந்து நாளில் டிரைக்கோடெர்மா முக்கால் தட்டைப் பிடித்துவிட்டு, அழுகலின் மேலேயே ஏறிப் பச்சையாகப் பூத்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரு மெல்லிய இழை, தன்னைவிடத் தடித்த இழையைச் சுற்றிச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு.

"சுத்திக்கிட்டு, அதோட சுவரைக் கரைச்சு, உள்ள இருக்கிறதைச் சாப்பிட்டுரும். வேரைச் சுத்தி முன்னாடியே இடம் பிடிச்சு உக்காந்துக்கும், அழுகல் வந்தா உக்கார இடம் இருக்காது" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. இது காவலுக்குத்தான். சாஞ்ச நாத்தை இது எழுப்பாது. விதைக்கிறதுக்கு முன்னாடியே மண்ணுல இருக்கணும்."

பூசணம் பிடித்த ரொட்டியைத் தூக்கியெறிந்தே வளர்ந்தவன் நான். அன்றைக்கு ஒரு பூசணத்துக்கு எழுந்து நின்று வணக்கம் போடலாம் போல இருந்தது.

தயாரிப்புத் தேதியைப் பார்த்து அக்கா ஒரு கிலோ டிரைக்கோடெர்மா பொடி வாங்கினாள். நன்றாக மக்கிய எரு நூறு கிலோவில் அதைக் கலந்தாள். கொட்டகையில் இடம் போதாததால் ஐம்பது ஐம்பதாக இரண்டு குவியல்: ஒன்று கொட்டகை மூலையில், இன்னொன்று தண்ணீர்த் தொட்டியின் நிழலில். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த அளவுக்கு ஈரம். மேலே சாக்கு. தினமும் சாக்கை விலக்கித் தண்ணீர் தெளிப்பாள், மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுவாள், மறுபடி ஓரங்களைச் செருகிப் போர்த்துவாள்.

இந்தக் காட்சி அத்தானுக்குப் பெரிய விருந்தானது.

"பூஞ்சையை ஒழிக்கப் பூஞ்சை! திருட்டுப் பயலைப் பிடிக்க இன்னொரு திருட்டுப் பயலுக்குச் சாவியைக் குடுத்தாளாம்."

"உங்க வாளியை மட்டும் இதுகிட்ட கொண்டுவராதீங்க" என்றாள் அக்கா. புது வாளி ஒன்று வாங்கி அதில் சிவப்புப் பெயிண்ட்டால் கோடு போட்டிருந்தாள். "மருந்து கலந்த வாளியில துளி ஒட்டியிருந்தாலும் இது செத்துரும்."

"அப்படிப்பட்ட சவலைப் பிள்ளைதான் நம்மளைக் காப்பாத்தப் போகுதாக்கும்! தண்ணி தெளிச்சாச்சு, போர்த்தியாச்சு. தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி. அதையும் பாடிரு."

"உங்களுக்குப் பாடுறதே பழகிப்போச்சு, இதுக்கும் பாடிட்டாப் போச்சு" என்று அவள் சாக்கைச் செருகினாள்.

பத்தாம் நாள் இரண்டு குவியலையும் தனித்தனியாகப் பாத்திகளில் சேர்த்தாள். தண்ணீர் தேங்காதபடி மேட்டுப் பாத்தி. கொட்டகைக் குவியல் இடப்பக்கம் நான்கு பாத்திக்கு, தொட்டிக் குவியல் வலப்பக்கம் நான்குக்கு. மேல்மண்ணோடு கொத்திக் கலந்தாள். விதையிலும் ஈரம் காட்டி ஒரு சிட்டிகைப் பொடியைப் புரட்டி, நிழலில் உலர்த்தினாள். நெருக்கமாகத் தூவாமல் கோடு கிழித்து விதைத்தாள். தண்ணீரைக்கூட அளந்துதான் விட்டாள். இத்தனை நுணுக்கமாக ஒரு காரியத்தை அவள் செய்து நான் பார்த்ததில்லை; அவளுடைய கல்யாணத்துக்குக்கூட அவள் இவ்வளவு கவனம் எடுக்கவில்லை என்று அத்தானிடம் சொன்னேன். அவர் என்னை வண்டி கழுவச் சொன்னார்.

விதைத்த எட்டாவது நாள் எட்டுப் பாத்தியும் முளைத்திருந்தது. பதினான்காவது நாள் காலையில் வலப்பக்கம் நான்கு பாத்தியும் படுத்திருந்தது.

இடப்பக்கம் ஒரு நாற்றுகூடச் சாயவில்லை. நடுவில் இருந்தது ஒன்றரை அடி வரப்பு. இந்தப் பக்கம் பச்சைக் கம்பளம், அந்தப் பக்கம் போர்க்களம். அக்கா இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இடப்பக்கத்து வேர் வெள்ளையாக, தாடி மாதிரி அடர்த்தியாக இருந்தது. வலப்பக்கத்து வேர் பழுப்பு, தோல் கழன்றது.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரே பொடி, ஒரே எரு, ஒரே விதை" என்றாள் என்னைப் பார்த்து. "தொட்டிக்குப் பக்கத்துல இருந்த குவியல் ஒருநாள் சொதசொதன்னு இருந்துச்சு, நான்தான் தண்ணி அதிகமா ஊத்திட்டேன் போல. என் கைதான் சரியில்ல. பாதியை வச்சுக்கிட்டு இருபதாயிரம்னு எப்படிச் சொல்றது? தலைவருக்குச் சொல்லிடறேன், என்னால முடியலன்னு."

போனை எடுத்தாள். எண்ணை அழுத்த ஆரம்பித்தாள்.

"போனை வை" என்றார் அத்தான்.

அவர் குரலை அப்படி நான் கேட்டதில்லை. ஜெனரல் குரல் இல்லை அது.

"உன் கையில தப்பு இல்ல. என் கையிலதான். குவியல் போட்டு ஏழாம் நாள், நீ சங்கத்துக்குப் போயிருந்த. தொட்டிப் பக்கம் சாக்கைத் தூக்கிப் பாத்தேன். எரு முழுக்கப் பச்சைப் பச்சையா பூத்துக் கிடந்துச்சு. கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். நீ வந்து பாத்தா மனசு உடைஞ்சு போவியேன்னு..." நிறுத்தினார். "மருந்து கலந்து ஊத்திக் கிளறிவிட்டேன். பூஞ்சைக்கு எப்பவும் அடிக்கிற கார்பன்டசிம். பச்சையெல்லாம் போயிருச்சு. சரியாயிருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"இன்னொரு குவியல்?"

"தொட்டிகிட்ட நீ போர்த்துறதைத்தான் பாத்திருக்கேன். கொட்டகை மூலையில இன்னொண்ணு இருந்தது எனக்குத் தெரியாது."

உலகத்தின் எந்த மூலையிலும் பூஞ்சையைக் கண்டுபிடிப்பவருக்குத் தன் கொட்டகை மூலை மட்டும் தப்பியிருக்கிறது என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அவள் போனை மடியில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "எவ்வளவு ஊத்தினீங்க?"

"நல்லா நனையணும்ல. மூணு வாளி."

"மூணு வாளி" என்றாள். கையிலிருந்த இரண்டு வேரையும் மறுபடி பார்த்தாள். "அந்தப் பச்சைதாங்க அது. அது பூத்துச்சுன்னா, வேலைக்குத் தயாராயிருச்சுன்னு அர்த்தம். மறுநாள் காணலைன்னதும், கிளறினதுல உள்ள போயிருச்சுன்னு விட்டுட்டேன்."

ஆய்வுக்கூடத்து அம்மாவுக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். அந்த அம்மா நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த மருந்து நல்ல மருந்துதான், வேற நோய்க்கு. நீங்க கொண்டுவந்த நாத்துல இருந்த அழுகலை அது சீண்டக்கூடச் சீண்டாது. டிரைக்கோடெர்மாவைத்தான் கொன்னுருக்கு. விதையில புரட்டின பொடியும் அந்த எருவுல இருந்த மருந்துல செத்துருக்கும்."

அதாவது எதிரியை விட்டுவிட்டு, நம் படையைத் துடைத்தெறிந்திருக்கிறார் ஜெனரல். மூன்று வாளியில்.

"ஆனா அந்தப் பக்கம் ஒண்ணுகூடச் சாயலையா?" என்று கேட்டது போன்.

"ஒண்ணுகூட இல்லம்மா."

"அப்புறம் என்ன, மனசு விடாதீங்க. ஊருக்கே காட்ட வேண்டிய பாத்தி அது."

தலைவரை அத்தானே நேரில் போய் அழைத்து வந்தார். தன் தவறு என்று அவரே சொன்னார். மூன்று வாளியையும் மறைக்கவில்லை. தலைவர் வரப்பில் நின்று இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். இடப்பக்கம் குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி வேரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். தாடி கலையவில்லை.

"இதே மண்ணா?"

"இதே மண்ணுதாங்க" என்றாள் அக்கா.

"இதுல பத்தாயிரத்துக்கு மேல இருக்கும், எடுத்துக்கறோம். மிச்சம் அஞ்சு வாரத்துல குடு. பின்னாடி நடவு பண்றவங்களுக்கு ஆகும்." கிளம்பும்போது அத்தானைத் திரும்பிப் பார்த்தார். "ஜெனரல், இந்த அஞ்சு வாரமும் நீங்க விடுப்புல இருங்க."

சாய்ந்த நாற்றையெல்லாம் வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தினோம். அந்தப் பாத்திகளை விட்டுவிட்டு, மதில் ஓரமாகத் தக்காளியே போடாத இடத்தில் புதுப் பாத்தி எடுத்தோம். அக்கா புது எரு, புதுப் பொடி கலந்து, கொட்டகை மூலையில் ஒரே குவியலாகப் போட்டாள். தெளிப்பானை அத்தான் பரணில் ஏற்றிவிட்டார். யாரும் அவரை ஏற்றச் சொல்லவில்லை.

ஆறாம் நாள் மதியம், அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டிச் சாவியை மறந்துவிட்டேன் என்று நான் கொட்டகைக்குத் திரும்பினேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அத்தான் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை. கழுவி முடித்து, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவினார். பிறகு சிவப்புக் கோடு போட்ட வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மூலைக்குப் போனார். சாக்கை மெல்ல விலக்கினார். எரு மேலெல்லாம் வெள்ளைப் படலம், அதில் அங்கங்கே பச்சை. குனிந்து மூக்கை அருகில் கொண்டுபோனார். அந்தப் பூஞ்சைக்குத் தேங்காய் வாசனை லேசாக இருக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை, ஆனால் இரண்டாவது தடவையும் முகர்ந்தார். ஒரு பிடி எருவை எடுத்து அமுக்கிப் பார்த்தார். உருண்டை நிற்கவில்லை. விரல் நுனியால் தண்ணீர் தெளித்தார், துளித் துளியாக, மூன்று வாளி ஊற்றிய அதே கையால்.

கூரை ஓட்டை வழியாக ஒரு துண்டு வெயில் குவியல் மேல் விழுந்துகொண்டிருந்தது. சாக்கு அந்த இடத்தில் கிழிந்திருந்தது. அத்தான் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறொன்றும் கிடைக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, நனைத்துப் பிழிந்து, கிழிசல் மேல் விரித்து, ஓரங்களை ஒவ்வொன்றாகச் செருகினார்.

செருகும்போது ஏதோ முனகிக்கொண்டிருந்தார். முதலில் திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டேன். ராகம் கொஞ்சம் விலகியிருந்தது. ஆனால் தாலாட்டுதான்.

சாவியை எடுக்காமலே வந்துவிட்டேன்.