அறுபதில் அறுபத்துமூன்று

சிவராசா சேர் கால்குலேட்டரை இரண்டாம் தரமும் தட்டினார். ஆள் பாவம் என்று இரங்கி விடையை மாற்ற அந்தச் சனியனுக்குத் தெரியுமா என்ன?

"பாரும் யதுர்ஷிகா. வருசப் புள்ளி நாற்பது, கடைசிப் பரீட்சை அறுபது. நில அளவைப் பாடத்தில உமக்கு எழுத்துச் சோதனையில பன்னிரண்டு. வெளிக்களப் பயிற்சியில இருபதுக்குச் சைபர். உயர் டிப்ளோமாவுக்கு எழுபத்தைஞ்சு வேணும். அப்ப பேப்பரில அறுபத்துமூண்டு எடுக்கவேணும். பேப்பரே அறுபதுக்குத்தான்."

முழுப்புள்ளி எடுத்தாலும் எழுபத்திரண்டு. உயர் டிப்ளோமா கிடைக்காவிட்டால் ஊரில், ஜெயபுரத்தில், யதுர்ஷிகாவின் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். அம்மா போன மாதமே சாதகத்தை வெளியே எடுத்துவிட்டா.

"வேற வழி இல்லையே சேர்?"

"சோதினை எழுதினால் பாஸ் பண்ணலாம். பாஸுக்கு மொத்தம் அம்பது, பேப்பரில முப்பத்தெட்டு எடுத்தாப் போதும். ஆனா பாஸ் பண்ணினவை திரும்ப எழுத ஏலாது, எழுபத்தைஞ்சு கனவிலயும் வராது. இல்லையெண்டா இண்டைக்கு மூண்டு மணிக்குள்ள பாடத்தில இருந்து விலகும். அடுத்த வருசம் எல்லாத்தையும் புதுசாச் செய்யலாம். ஒரு வருசம் போகும்."

மணி இரண்டு நாற்பது.

"வெள்ளத்தில ரோட்டு மூடி வரேல்லை எண்டால் கிராம சேவகரின்ர கடிதத்தோட அந்தப் பயிற்சியைத் திரும்பச் செய்யலாம். பதினைஞ்சு எடுத்தாலே பேப்பரில நாற்பத்தெட்டுப் போதும்." சேர் வரவுப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "ஆனா நீர் வந்திருக்கிறீர். கையெழுத்து இருக்கு. வந்தும் அளவைக் குறிப்பு தரேல்லை. அதுதான் சைபர்."

யதுர்ஷிகா அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். தன்னுடையது இல்லை. அன்று பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய, வீட்டுக் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தவள் அவள். வரவு எண்பது வீதத்துக்குக் கீழே போனால் சோதினைக்கே விடமாட்டார்கள் என்று பயந்து தோழி சுமித்திரா போட்ட கையெழுத்து. அந்த வகுப்பில் எல்லோரும் எல்லோருக்கும் போடுவதுதான். பிடிபட்டால் மட்டும் போட்டவளுக்கு இரண்டு வருடத் தடை.

சுமித்திரா பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். வாயைத் திறவடி, ஒரு சொல் சொல்லடி என்று யதுர்ஷிகாவின் நெஞ்சு கத்தியது. சுமித்திரா நிலத்தைப் பார்த்தாள்.

"இது உம்மட கையெழுத்துத்தானே?"

யதுர்ஷிகா பதிவேட்டைச் சேரின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஓம் சேர். என்ரதான். விலகுற படிவத்தைத் தாங்கோ."

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் படிவம் மேசைக்குப் போனது.

வெளியே வந்ததும் சுமித்திரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, முகத்தில் உயிர் திரும்பியிருந்தது.

"கவலைப்படாதையடி. நான் உயர் டிப்ளோமாவுக்குப் போகேக்க என்ர நோட்ஸ் முழுக்க உனக்குத்தான்."

யதுர்ஷிகா கையை இழுக்கவில்லை. "தா" என்று மட்டும் சொன்னாள்.