பூங்குயில் நகரின் கேரம் மேசை

2025 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆவடி கோவில்பதாகை பூங்குயில் நகர் குடியிருப்போர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமும் அதன் கீழே ஏழு வரிகளும் போடப்பட்டன.

படத்தில் சங்கக் கட்டடத்தின் வாசிப்பறையில் நான்கு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். வரிகள் இவை:

“நம்ம நகர், நம்ம சங்கம்!
2025–26 உறுப்பினர் புதுப்பிப்பு தொடங்கியாச்சு.
ஆண்டுச் சந்தா ரூ. 600. கடைசி நாள் மார்ச் 31.
சங்கக் கூடம் பாதி வாடகைக்கு.
வாசிப்பறை, கேரம், யோகா வகுப்பு இலவசம்.
பொதுக்குழுவில் உங்க ஓட்டு.
க்யூஆர் கோடு கீழே. ரொக்கம் என்றால் ஞாயிறு 10 முதல் 12 வரை அலுவலகத்தில்.”

எழுதியவர் இணைச் செயலாளர் லாவண்யா. சேலத்துக்காரர். ஐ.டி. வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே. அதற்கு முந்தைய பதினோரு ஆண்டுகளும் இந்த நினைவூட்டலைச் செயலாளர் கலியமூர்த்திதான் எழுதினார். பாதுகாப்புத் தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நினைவூட்டல் ‘பொருள்’, ‘பார்வை’ என்று தொடங்கி இரண்டு பக்கம் ஓடும். அதைப் படம் பிடித்துக் குழுவில் போடுவார். பெரிதாக்கினால் எழுத்து கலங்கும். புதுப்பிப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்ததால், இந்த முறை லாவண்யா எழுதட்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது.

கலியமூர்த்தி வரைவைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“ஐஸ் பெட்டியைக் காணோமேம்மா?”

உறுப்பினர் வீட்டில் மரணம் என்றால் உடலை வைக்கச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு குளிர்சாதனப் பெட்டி இருந்தது. வாடகை கிடையாது. சங்கத்தின் சாதனை என்று கலியமூர்த்தி முதலில் சொல்வது அதைத்தான். அவருடைய பழைய நினைவூட்டல்களில் அது சலுகை எண் ஒன்று.

“சார், ‘வாங்க, சேருங்க’ன்னு சொல்ற எடத்துல சாவுப் பெட்டியப் போட்டா யார் சார் வருவா?” என்றார் லாவண்யா. “பெட்டி எங்கயும் போகல. வேணுங்கறப்ப கேட்டு வாங்கிக்குவாங்க.”

கலியமூர்த்தி யோசித்தார். பிறகு நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு ஒப்புதல் அளித்தார். அவர் போட்ட முதல் கட்டைவிரல் அது.

அடுக்குமாடி வீடுகளில் இருந்து பணம் உடனே வந்தது. பொருளாளர் அப்துல் ரசாக், கோவில்பதாகை மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், சந்தா இவ்வளவு வேகமாக வந்து தான் பார்த்ததில்லை என்றார். பழைய தனி வீடுகளில் இருந்துதான் வரவில்லை. அவர்கள் வழக்கமாகக் கடைசி ஞாயிறு ரொக்கத்தோடு வருவார்கள். அந்த ஞாயிறு ரசாக் பன்னிரண்டரை வரை உட்கார்ந்திருந்தார். இரண்டே பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வேறு தெருவுக்கு வழி கேட்க வந்தவர்.

மார்ச் 31 முடிந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் ரசாக்கின் கடைக்குத் துலுக்கானம் பி.வி.சி. குழாய் வாங்க வந்தார். சேக்காட்டில் ஷாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுபவர்.

“பாய், உங்க நகர்ல இன்னா நடக்குது?” என்றார். “முந்தாநேத்து ஒரு அம்மா கடைக்கு வந்துச்சு. ஐஸ் பொட்டிக்கு அட்வான்சு வாங்கிக்கோன்னுச்சு. எப்ப காலமானாரும்மான்னு கேட்டேன். இன்னும் இல்லப்பா, ஊட்லதான் கீறாருன்னுச்சு.”

“நீ என்ன சொன்ன?”

“நான் இன்னா சொல்றது? தேதி சொன்னா புக் பண்ணிக்கிறேம்மான்னு வாயில வந்துடுச்சு. சொன்னப்பறம்தான் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அட்வான்ஸ்லாம் வேணாம்மா, போன் பண்ணு, பொட்டி இருந்தா எடுத்துகினு வரேன்னு அனுப்பிட்டேன்.”

“இருந்தா?”

“எங்கிட்ட கீறதே ரெண்டு, பாய். வெயில் காலத்துல ரெண்டும் வெளியதான் கெடக்கும். உங்க சங்கத்துலதான் ஒண்ணு இருந்துச்சே, அத்த இன்னா பண்ணீங்க?”

ரசாக் அந்த அம்மாவின் அடையாளம் கேட்டார். மூன்றாவது குறுக்குத் தெரு லோகநாயகி என்று தெரிந்தது. அன்று மாலையே லாவண்யாவை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

லோகநாயகியின் கணவர் கோவிந்தராஜ் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். எட்டு மாதமாகப் படுக்கை. முன்னறையில் கட்டில் போட்டிருந்தது. மருத்துவமனை, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டது. ஒரே மகன் ஜெகதீசன் மஸ்கட்டில் இருந்தார்.

“சந்தா கட்டலையேம்மா இந்த வாட்டி?” என்றார் ரசாக்.

“எதுக்குக் கட்டணும்?” என்றார் லோகநாயகி. “வருசா வருசம் கட்டினேன். கேரம் ஆடவா கட்டினேன்? யோகா பண்ணவா கட்டினேன்? அந்தப் பொட்டிக்கோசரம் கட்டினேன். அத்தத்தான் நீங்க மேசை ஆக்கிட்டீங்களே.”

லாவண்யாவுக்குப் புரியவில்லை. லோகநாயகி தன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். கேரம் பலகைக்குக் கீழே ப்ளைவுட். ப்ளைவுட்டுக்குக் கீழே நீலத் தார்ப்பாய். தார்ப்பாய் ஒரு ஓரத்தில் விலகியிருந்தது. அங்கே சில்வர் கைப்பிடியும், சக்கரமும், சுருட்டிக் கட்டிய ஒயரும் தெரிந்தன.

பெட்டியை வைக்க வேறு இடம் இல்லாததால் அது வாசிப்பறையில்தான் இருந்தது. சும்மா கிடக்கும் நாட்களில் பையன்கள் அதன்மேல் ப்ளைவுட் போட்டு ஆடுவார்கள். யாருக்காவது தேவைப்பட்டால் காய்களைப் பொறுக்கிவிட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். இது நிர்வாகக் குழுவில் மற்ற எல்லோருக்கும் தெரியும். லாவண்யாவும் அங்கே ஆடியிருக்கிறார். அது என்ன மேசை என்று அவர் பார்த்ததில்லை.

“லிஸ்ட்லயும் பொட்டி இல்ல. படத்துல பொட்டி மேல கேரம்போர்டு. நான் இன்னான்னு நெனைக்கறது?” என்றார் லோகநாயகி. “இந்தத் தெருவுல எல்லாரும் அப்டித்தான் நெனச்சிகினு கீறாங்க. நான் மட்டும் இல்ல.”

“ஆன்ட்டி, பெட்டி இருக்கு. நல்லாத்தான் இருக்கு,” என்றார் லாவண்யா.

“அப்டின்னா இப்பவே கட்டிடறேன்.” லோகநாயகி மணிபர்சை எடுத்தார். “புள்ளைக்கு லீவு கெடச்சு, டிக்கெட்டு கெடச்சு வர ரெண்டு நாள் ஆயிடும்மா. இந்த வெயில்ல அதுவரிக்கும் எப்டி வெக்கறது? போன முறை வந்துட்டுப் போறப்ப, எது ஆனாலும் நான் மூஞ்சப் பாக்காம எடுத்துடாதீங்கன்னு ஒரே சொல்லா சொல்லிட்டுப் போனான்.”

கட்டிலில் இருந்து கோவிந்தராஜ், “ரசீது வாங்கிக்கோ,” என்றார். அவருடைய கண்கள் மூடியிருந்தன.

ரசாக் பணத்தை வாங்கவில்லை. வாங்க முடியாது. மார்ச் 31க்குள் புதுப்பிக்காதவர் புதிய உறுப்பினராகத்தான் சேர வேண்டும். புதிய உறுப்பினருக்கு ஆறு மாதம் வரை சலுகைகள் கிடையாது. இந்த விதிக்குக் காரணம் இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் காலை பத்து மணிக்கு உறுப்பினராகச் சேர்ந்து, பத்தரைக்குப் பெட்டி கேட்டது. இறப்பு அதிகாலையிலேயே நடந்திருந்தது. அதன்பிறகு கலியமூர்த்தி இந்த விதியை எழுதி, பொதுக்குழுவில் நிறைவேற்றி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலும் திருத்தத்தைத் தாக்கல் செய்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு, நிர்வாகக் குழு கூடியது. கேரம் பலகையை இறக்கி வைத்துவிட்டு அந்த மேசையைச் சுற்றியே உட்கார்ந்தார்கள்.

“நானே கட்டிடறேன் சார்,” என்றார் ரசாக். “மார்ச் தேதி போட்டு ஒரு ரசீது. யாருக்குத் தெரியப் போகுது?”

“ரசீது புக்குல நம்பர் வரிசையா போகுது,” என்றார் கலியமூர்த்தி. “ஏப்ரல் நம்பருக்கு மார்ச் தேதி எப்படிப் போடுவீங்க? அப்படி ஒரு காரியம் முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல பண்ணதில்ல. இங்க வந்தா பண்ணுவேன்?”

“ரூல் போட்டதே நீங்கதான சார். இந்த ஒரு தடவ விட்டுக்குடுங்க.”

“ஒரு தடவ விட்டா அது ரூல் இல்ல, பாய். சலூன்ல போடற ‘அரசியல் பேசாதீர்’ போர்டு.”

“சார், தப்பு என்னோடது,” என்றார் லாவண்யா. “பெட்டிய லிஸ்ட்லேருந்து நான்தான் எடுத்தேன். போட்டோவும் நான்தான் பிடிச்சேன்.”

கலியமூர்த்தி பையிலிருந்து துணைவிதிப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாற்றிப் போட்டு, ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார். சந்தா, கடைசி நாள், உறுப்பினர் பெறும் சலுகைகள் அனைத்தும் அடங்கிய நினைவூட்டலைச் செயலாளர் கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்பாக வெளியிட வேண்டும்.

“அனைத்தும்,” என்றார். “நாம போட்டதுல அனைத்தும் இல்ல. ஆகவே அது நினைவூட்டலே இல்ல. நினைவூட்டல் போகலைன்னா கடைசி நாளும் வரல.”



“அப்ப மார்ச் முப்பத்தொண்ணு?” என்றார் ரசாக்.

“சாதாரண திங்கட்கிழமை,” என்றார் கலியமூர்த்தி. “தொழிற்சாலைல டெண்டர்ல ஒரு ஐட்டம் விட்டுப் போனா என்ன பண்ணுவோம்? திருத்த அறிவிப்பு போட்டுத் தேதிய நீட்டிப்போம். ஏற்கனவே கட்டினவங்க கட்டினதுதான். மத்தவங்களுக்கு இன்னையிலேருந்து பதினஞ்சு நாள். இடைப்பட்ட காலத்துல எல்லாரும் பழைய உறுப்பினர்தான்.” லாவண்யாவைப் பார்த்தார். “எழுதும்மா. நீளமா வேண்டாம்.”

“தப்பு நடந்ததுன்னு போடவா சார்?”

“விடுபட்டதுன்னு போடு. ஒப்புதல் குடுத்தது நான். என் பேரப் போடு.”

லாவண்யா அங்கேயே எழுதினார். கடைசி வரியை மட்டும் மூன்று முறை அடித்து எழுதினார்.

“திருத்தம்.
மார்ச் 16 அறிவிப்பில் ஒரு சலுகை விடுபட்டது:
உறுப்பினர் இல்லங்களுக்கு ஐஸ் பெட்டி, வாடகை இல்லாமல், எந்த நேரமும்.
பெட்டி சங்கத்தில்தான் இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது.
சந்தா ரூ. 600. கடைசி நாள் ஏப்ரல் 21 வரை நீட்டிக்கப்படுகிறது.
மற்ற சலுகைகளில் மாற்றம் இல்லை.
கேரம் இனி தனி மேசையில்.
– கலியமூர்த்தி, செயலாளர்”

படமாகப் பெட்டியையே வைத்தார்கள். தார்ப்பாயை எடுத்து, துடைத்து, ப்ளக் போட்டு, பச்சை விளக்கு எரியும்படி. கீழே இருபதுக்கு மேல் கட்டைவிரல்கள் விழுந்தன. ஒருவர் ‘அருமை’ என்று எழுதி, பிறகு அழித்துவிட்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு, ரொக்கத்தோடு வந்தவர்களின் வரிசை வாசல் வரை நின்றது. லோகநாயகி ஐந்தாவதாக நின்றிருந்தார். சில்லறையாகவே அறுநூறு கொடுத்து, ரசீதை இரண்டாக மடித்து பர்சில் வைத்துக்கொண்டார்.

“பொட்டிய ஒரு வாட்டி பாத்துட்டுப் போவட்டா?” என்றார்.

லாவண்யா கதவைத் திறந்து காட்டினார். லோகநாயகி பெட்டியின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். நீளம் போதுமா என்று கேட்டார். ஆறரை அடி என்றார் லாவண்யா.

“அவரு அவ்ளோ இல்ல,” என்றார் லோகநாயகி.

கோவிந்தராஜ் மே 2 அன்று காலை இறந்தார். பெட்டி முக்கால் மணி நேரத்தில் மூன்றாவது குறுக்குத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெகதீசன் 4ஆம் தேதி விடியற்காலை வந்தார். அன்று பிற்பகல் எடுத்தார்கள். 5ஆம் தேதி பெட்டியைக் கழுவித் துடைத்து வாசிப்பறையில் மறுபடி வைத்தார்கள். தனி மேசை இன்னும் வாங்கப்படவில்லை.