ஒப்புதல் தருபவர் யார்?

என் மருமகள் கம்ப்யூட்டரில் வெப்சைட் கட்டுகிறவள். வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினாள். இந்த மாதம் ஒரு வேலை படியாவிட்டால் பழைய மேனேஜரிடமே திரும்பிப் போக வேண்டும். அந்த மனிதர் கொட்டாவி விட்டால்கூட அதற்கு ஒரு மீட்டிங் போடுவார்.

படியும்போலிருந்தது சோபாக் கடை. முதலாளிகள் அண்ணன், தம்பி. ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கடையில் தீப்பிடித்தபோதுகூட கேஷியர் அம்மா மூலம்தான் சொல்லி அனுப்பினார்களாம். தீயை நான் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்கிறேன், மற்றதெல்லாம் நிஜம்.

காரோட்டியாகப் போன நானும் ஒரு புது சோபாவில் சாய்ந்துகொண்டேன். மருமகள் எழுதிக் கொண்டுவந்த ஒப்பந்தக் கடிதத்தைக் கேஷியர் அம்மா இரண்டு முதலாளிகளுக்கும் உரக்கப் படித்தார். செய்யும் வேலை: சோபாக்களைப் பார்த்து ஆர்டர் கொடுக்க ஒரு வெப்சைட். கட்டங்கள் மூன்று: தோற்றம், ஸ்டாக்கும் ஆர்டரும், சோதித்துத் திறப்பது. முன்பணம் நாற்பது சதவீதம், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இருபது. இதில் சேராதவை: போட்டோ எடுப்பது, சோபாவைப் பற்றி எழுதுவது, வெப்சைட்டை வைத்திருக்கும் சர்வர் வாடகை. கடைசியில், ‘ஒப்புதல் தருபவர் ஒருவர் மட்டும்’ என்று ஒரு வரி, பெயருக்குக் காலி இடம்.

"பெரியவன் நான்தானே? எழுதச் சொல்லுங்க," என்றார் அண்ணன், கேஷியரிடம்.

"கடையை ஓட்டறது யாருன்னு கேளுங்கம்மா," என்றார் தம்பி, அதே கேஷியரிடம்.

கேஷியர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்த வரியை எடுத்துடேம்மா," என்று நான் கிசுகிசுத்தேன்.

"எடுத்தா, ஒருத்தர் நீலம்பார், இன்னொருத்தர் பச்சைம்பார். நான் கிழவியானாலும் முதல் கட்டம் முடியாது மாமா." பேனாவை எடுத்தாள். "தோற்றத்துக்குப் பெரியவர். ஸ்டாக்குக்குச் சின்னவர். திறக்கறதுக்கு ரெண்டு பேரும், ஒரே மேஜையில உக்காந்து, ஒரே நாள்ல கையெழுத்து." சேராதவை பட்டியலில் இன்னொன்றும் எழுதினாள்: முதலாளிகளுக்குள் சேதி சொல்வது.

கேஷியர் அம்மா அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

வேலை போச்சு என்றே நினைத்தேன். மருமகளின் காது மடல் சிவந்துவிட்டது.

அண்ணன் காகிதத்தை இழுத்துப் பார்த்தார். "நாப்பது முன்பணமா? டேய், ஜாஸ்தி இல்ல?"

தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தார். யாரைக் கேட்கிறார் என்று சுற்றிப் பார்த்தார். அங்கே வேறு ‘டேய்’ யாரும் இல்லை.

"முப்பதுன்னா சரிண்ணா."

"முப்பதுதான். மேல ஒரு பைசா கிடையாது."

"அஞ்சு பைசா கிடையாது."

இருவரும் மருமகளை ஒரே முறைப்பு முறைத்தார்கள். சண்டைக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் இரண்டு முகத்திலும் வழிந்தது.

"சரி. குறைச்ச பத்தைக் கடைசிக் கட்டத்துல சேர்க்கறேன்," என்றாள் அவள்.

தம்பி நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டார். "விடாதண்ணா, சர்வர் வாடகையையும் கேளு."

"அது சேராதவைல இருக்கு சார்," என்றாள் மருமகள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. முன்பணத்துக்கான செக்கில் கையெழுத்துப் போடும்வரை அவர்கள் வாடகையை விடவே இல்லை.